ஏசி போர்டு எரிந்தது மின்னலாலா, நியூட்ரலாலா? கண்டுபிடித்துப் பாதுகாப்பு போடும் முழு வழிகாட்டி

இடி இடித்த இரவுக்கு மறுநாள் காலையில் ஏசி ஆன் ஆகவில்லை. போர்டு போய்விட்டது என்கிறார் டெக்னீஷியன். புது போர்டு மாட்டி, கூடவே ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கி வைக்கிறோம். சில மாதங்களில் அதே போர்டு மறுபடியும் எரிகிறது. இதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: போர்டை எரித்தது எது என்று பார்க்காமலேயே பாதுகாப்பு வாங்கியிருப்போம். ஏசி போர்டைக் கொல்பவை இரண்டு. ஒன்றைத் தடுக்கும் கருவி மற்றதைத் தடுக்காது. கீழே உள்ள எண்கள் 230 வோல்ட் சப்ளையில் ஓடும் ஸ்பிளிட் ஏசிக்கானவை.

## இரண்டும் வேறு வேறு

முதலாவது சர்ஜ். மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவில் ஓடும் மின்கம்பியின் அருகே விழுந்தாலே போதும், சில ஆயிரம் வோல்ட் கம்பி வழியாக உள்ளே வந்துவிடும். அது நீடிப்பது மைக்ரோ நொடிக் கணக்கில்தான். போன கரன்ட் திரும்பி வரும்போதும், பெரிய மோட்டார்கள் ஆன் ஆஃப் ஆகும்போதும் இதன் சிறிய வடிவம் வரும்.

இரண்டாவது, நீடித்து நிற்கும் அதிக வோல்டேஜ். மூன்று பேஸ் சப்ளையில் நியூட்ரல் இணைப்பு தளர்ந்தாலோ அறுந்தாலோ, லோடு குறைவாக உள்ள பேஸில் வோல்டேஜ் ஏறும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 300, 350, மோசமான நிலையில் 400 வோல்ட் வரை போகும். வீட்டுக்கு வருவது ஒரே ஒரு பேஸ்தானே என்று நினைக்க வேண்டாம். தெருவில் வரும் லைன் மூன்று பேஸாக இருந்தால், அங்கே நியூட்ரல் போனாலும் உங்கள் வீட்டில் இதே கதைதான். இது மைக்ரோ நொடியில் முடியாது. யாராவது மெயினை அணைக்கும் வரை நிற்கும்.

காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும்போது மின்னலும் வரும், நியூட்ரலும் அறும். அதனால்தான் நியூட்ரலால் எரிந்த பல போர்டுகளுக்கும் பழி மின்னல் மேல் விழுகிறது.

## வேரிஸ்டர் சொல்லும் சாட்சி

போர்டில் கரன்ட் நுழையும் இடத்தில், ஃபியூஸுக்கு அடுத்து, பொத்தான் போல வட்டமான ஒரு பாகம் இருக்கும். பெரும்பாலும் நீல நிறம். அதுதான் வேரிஸ்டர். எம்ஓவி என்றும் சொல்வார்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே உட்கார்ந்திருக்கும். சாதாரண வோல்டேஜில் அது இல்லாத மாதிரியே இருக்கும். வோல்டேஜ் எல்லை தாண்டினால் கடத்தத் தொடங்கி, அதிகப்படியானதைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும்.

அதன் மேல் அச்சிட்ட எண்ணில் 471 என்று இருந்தால், 470 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும் என்று பொருள். கடைசி இலக்கம், பின்னால் எத்தனை பூஜ்யம் என்பதைச் சொல்கிறது. 561 என்றால் 560 வோல்ட். 471 வேரிஸ்டர் தொடர்ந்து தாங்கக்கூடிய சப்ளை வோல்டேஜ், மீட்டர் காட்டும் கணக்கில், 300.

வோல்டேஜைப் பேசும்போது அதன் உச்சத்தையும் பார்க்க வேண்டும். மீட்டரில் 230 என்று காட்டும் சப்ளையின் உச்சம் 325 வோல்ட். நியூட்ரல் போய் 400 ஆனால் உச்சம் 565ஐத் தொடும். அப்போது 471 வேரிஸ்டர் ஒவ்வொரு அரை அலையிலும் கடத்துகிறது. ஒரு வினாடிக்கு நூறு முறை. சில நொடிகளில் அது கொதித்து, பிளந்து, ஷார்ட் ஆகி, ஃபியூஸையும் கொண்டுபோகும். சர்ஜை விழுங்கப் படைத்த பாகத்தால் நீடித்த வோல்டேஜை விழுங்க முடியாது.

330 வோல்ட் வந்தால் இன்னும் விபரீதம். அதன் உச்சம் சுமார் 467. வேரிஸ்டர் கடத்துவதற்குச் சற்றுக் கீழே. அது அமைதியாக இருக்க, அவுட்டோர் போர்டிலுள்ள பெரிய கெபாசிட்டர்கள் அடி வாங்கும். அவற்றின் தாங்குதிறன் வழக்கமாக 400 அல்லது 450 வோல்ட்தான். வேரிஸ்டர் பளபளவென்று இருந்து, கெபாசிட்டரின் தலை மட்டும் உப்பியிருந்தால், வயதான கெபாசிட்டராக இல்லாத பட்சத்தில், மின்னலை விட நியூட்ரலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மின்னலின் அடையாளம் வேறு மாதிரி. போர்டில் செப்புக் கோடு ஒன்று ஆவியாகி, அந்த இடத்தில் கரிக்கோடு மட்டும் இருக்கும். சிறிய ஐசியின் முதுகில் ஊசிக்கண் அளவுக்கு ஓட்டை இருக்கும். வேரிஸ்டரும் ஃபியூஸும் நன்றாக இருந்தும் போர்டு செத்திருக்கும். அதே நேரத்தில் இன்டர்நெட் மோடம், கேபிள் பெட்டி போல வெளியிலிருந்து வயர் வரும் வேறு சாதனங்களும் போயிருக்கும். பல்புகள் திடீரென்று பளிச்சென எரிந்து, ஃபேன் வேகமாகச் சுழன்று, அதன் பிறகு ஏசி போனதாக வீட்டில் யாராவது சொன்னால் அது நியூட்ரல். இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுங்கள்.

## பரிசோதனை, வரிசைப்படி

அவுட்டோர் போர்டில் ஆபத்தான அளவு டிசி வோல்டேஜ் தேங்கி நிற்கும். கரன்டை நிறுத்திய பிறகும் அது உடனே இறங்காது. மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் படிகளைத் தொடாமல், பல்பு பளிச்சென எரிந்ததா, மோடமும் போனதா என்பதை டெக்னீஷியனிடம் சொன்னால் போதும்.

1. முதலில் சப்ளை. ஏசியின் எம்சிபியை இறக்கிவிட்டு, ஏசிக்கு வரும் லைனை எம்சிபிக்கு முன்னால் அளவுங்கள். பேஸ்-நியூட்ரல் 230க்கு அருகே இருக்க வேண்டும். நியூட்ரல்-எர்த் இடையே ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். பிறகு வீட்டில் ஹீட்டர் மாதிரி கனமான ஒன்றை ஆன் செய்து பாருங்கள். பேஸ்-நியூட்ரல் வோல்டேஜ் சில வோல்ட் இறங்குவது இயல்பு. அது ஒரேயடியாக விழுந்தாலோ, வேறு பேஸில் உள்ள விளக்குகள் பிரகாசமானாலோ, நியூட்ரல் இன்னும் சரியாகவில்லை. அந்த நிலையில் புது போர்டு மாட்டினால் அதுவும் எரியும். மின்வாரியத்தை அழைத்து அதைச் சரிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

2. கரன்டை நிறுத்திக் காத்திருங்கள். எம்சிபியை இறக்கி, முடிந்தால் பிளக்கையும் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் விடுங்கள். அவுட்டோர் மூடியைத் திறந்ததும் கையை வைக்காமல், பெரிய கெபாசிட்டரின் இரு முனைகளில் டிசி வோல்டேஜை அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே தொட வேண்டும். பிறகு வயர்களைக் கழற்றும் முன் ஒரு போட்டோ.

3. ஃபியூஸும் வேரிஸ்டரும். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மீட்டரில் கன்டினியூட்டி பாருங்கள். பீங்கான் ஃபியூஸில் உள்ளே போனது வெளியே தெரியாது. வேரிஸ்டரின் ஒரு காலைக் கழற்றி அளந்தால் மீட்டர் எதுவும் காட்டக்கூடாது. குறைந்த ஓம் காட்டினால் அது ஷார்ட்.

4. ஃபியூஸ் போய், வேரிஸ்டர் நன்றாக இருந்தால் ஷார்ட் அதற்குப் பின்னால் இருக்கிறது. சப்ளையை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரை டயோடு மோடில் பாருங்கள். ஒவ்வொரு டயோடும் ஒரு திசையில் 0.5 வோல்ட் அளவில் காட்டி, மறுதிசையில் எதுவும் காட்டாமல் இருக்க வேண்டும். இரு திசையிலும் பூஜ்யத்துக்கு அருகே காட்டினால் அது போய்விட்டது. அவுட்டோர் போர்டில் ரெக்டிஃபையர் போயிருந்தால், அதற்கு அடுத்துள்ள பவர் டிரான்சிஸ்டரையும் கம்ப்ரசரை ஓட்டும் பவர் மாட்யூலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிக் கரன்ட் கொடுத்தால் புதிதாகப் போட்டதும் சேர்ந்து போகும்.

5. சீரிஸ் பல்பு. இன்டோர் போர்டைப் பழுது பார்த்த பிறகு நேரடியாகக் கரன்ட் கொடுக்காமல், 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை பேஸில் சீரிஸாக வைத்துக் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு ஒரு மின்னு மின்னி மங்கிவிட்டால் ஷார்ட் இல்லை. முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. பல்பு மங்கியிருக்கும்போது போர்டில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வருகிறதா என்று அளவுங்கள். ஆனால் அப்போதும் கை போர்டில் படக்கூடாது. பல்பு ஷாக்கைத் தடுக்காது. 12, 5 இரண்டும் ஒழுங்காக இருந்தும் ரிமோட்டுக்கோ எமர்ஜென்சி பட்டனுக்கோ போர்டு அசையவில்லை என்றால், பெரும்பாலும் மைக்ரோ கன்ட்ரோலர் போய்விட்டது. போர்டையே மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும் ஃபியூஸ் அதே ஆம்பியரில், அதே வகையில் இருக்க வேண்டும். இன்டோர் போர்டில் 3.15 ஆம்பியர் அடிக்கடி பார்க்கலாம். முன்னால் டி எழுத்து இருந்தால் அது மெதுவாக எரியும் வகை. அந்த இடத்தில் செப்புக் கம்பியை முறுக்கி வைத்தால், அடுத்த முறை போர்டே ஃபியூஸ் ஆகும்.

வேரிஸ்டரை வெட்டி எறிந்துவிட்டு ஏசியை ஓட்டிக் காட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஏசி ஓடும்தான். வேரிஸ்டர் இல்லாமல் போர்டு வேலை செய்யும் என்பதால் யாருக்கும் குறை தெரியாது. ஆனால் அடுத்த சர்ஜ் தடையே இல்லாமல் ரெக்டிஃபையரில் இறங்கும். அதே எண், அதே விட்டம் உள்ள வேரிஸ்டரைப் போடச் சொல்லி, போட்ட பிறகு பார்த்து உறுதிசெய்யுங்கள். மிகச் சிறிய செலவு அது.

## சிக்னல் வயர் என்ற பின்வாசல்

இரண்டு போர்டிலும் கரன்ட் இருக்கிறது, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ஆனால் ஏசி கம்யூனிகேஷன் எரர் காட்டி நிற்கிறது. மின்னலுக்குப் பிறகு இது அடிக்கடி நடக்கும்.

இன்டோரும் அவுட்டோரும் ஒரு சிக்னல் வயரில் பேசிக்கொள்கின்றன. மொட்டை மாடியில் இருக்கும் அவுட்டோருக்குத் தனியாக ஒரு எர்த் குழி, வீட்டுக்கு வேறு எர்த் குழி என்று வைத்திருந்தால், அருகே மின்னல் இறங்கும் கணத்தில் இரண்டு எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் உண்டாகும். அந்த வித்தியாசம் சமன் ஆக வழி தேடும். இரண்டு யூனிட்டையும் இணைக்கும் மெல்லிய சிக்னல் சர்க்யூட் அந்த வழியாகிறது. அதில் சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோகப்ளரும் ரெசிஸ்டரும் போய்விடுகின்றன.

கரன்ட் இருக்கும்போது சிக்னல் முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே டிசி வோல்டேஜை அளந்தால், பெரும்பாலான இன்வெர்ட்டர் ஏசிகளில் அது நிற்காமல் மேலும் கீழும் ஆடும். ஒரே எண்ணில் அசையாமல் நின்றால் ஒரு பக்கம் பேசவில்லை. போர்டைக் குறை சொல்லும் முன், கரன்டை நிறுத்திவிட்டு அந்த வயரின் கன்டினியூட்டியையும் ஜாயின்டையும் பார்த்துவிடுங்கள்.

அவுட்டோருக்குத் தனி எர்த் குழி நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. குழி எத்தனை இருந்தாலும், எல்லாவற்றையும் கனமான செப்பு வயரால் மெயின் எர்த் பாரோடு சேர்த்துவிட வேண்டும். எர்த்தின் ஓம் அளவை விட இந்த இணைப்பு போர்டைக் காப்பதில் பெரிய பங்கு வகிக்கிறது.

## சர்ஜுக்கு எஸ்பிடி

வீட்டின் மெயின் போர்டில் போடும் சர்ஜ் பாதுகாப்புக் கருவிதான் எஸ்பிடி. இதில் மூன்று வகை. கட்டடத்தின் மேல் இடிதாங்கி இருந்தால் மெயினில் டைப் 1 தேவை. மற்ற வீடுகளுக்கு டைப் 2. சாதனத்தின் அருகில் வைப்பது டைப் 3. அது டைப் 2க்குத் துணைதான், அதற்குப் பதில் அல்ல.

டைப் 2 வாங்கும்போது லேபிளில் மூன்று விஷயம் பாருங்கள். தொடர்ந்து தாங்கும் வோல்டேஜ் குறைந்தது 275. சப்ளை அடிக்கடி ஏறி இறங்கும் இடமாக இருந்தால் 320. இயல்பு டிஸ்சார்ஜ் கரன்ட் 20 கிலோ ஆம்பியர் இருந்தால் வீட்டுக்குத் தாராளம். மூன்றாவது, அது விட்டுவைக்கும் மீதி வோல்டேஜ். இது 1.5 கிலோ வோல்ட் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டு சாதனங்களுக்குக் கணக்கிடும் தாங்குதிறன் 2.5 கிலோ வோல்ட். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உங்கள் பாதுகாப்பு.

அந்த இடைவெளியைத் தின்றுவிடுவது வயரின் நீளம். சர்ஜ் மிக வேகமாக ஏறுவதால் சாதாரண வயரே தடையாக நிற்கும். 5 கிலோ ஆம்பியர் சர்ஜ் 8 மைக்ரோ நொடியில் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மீட்டர் வயரிலும் சுமார் 600 வோல்ட் எழும். எஸ்பிடிக்குப் போகும் வயரும் அதிலிருந்து எர்த் பாருக்கு வரும் வயரும் சேர்ந்து ஒன்றரை மீட்டர் என்றால் 900 வோல்ட். எஸ்பிடி விடும் 1500ஓடு சேர்த்தால் 2400. பாதுகாப்பு எல்லையைத் தொட்டுவிட்டது. அதே எஸ்பிடியை, இரண்டு வயரும் சேர்த்து 40 சென்டிமீட்டரில் மாட்டினால் கூடுவது 240 வோல்ட்தான். அரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது அதனால்தான். அழகுக்காக வயரைச் சுருட்டி வளைத்து வைக்கும் எலக்ட்ரீஷியனிடம், நேராகவும் குட்டையாகவும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

வயர் 6 சதுர மில்லிமீட்டர் செப்பு. முன்னால் போடும் எம்சிபி அல்லது ஃபியூஸ், எஸ்பிடி தயாரிப்பாளர் சொல்லும் அளவில். பேஸ்-நியூட்ரல் இடையே வேரிஸ்டரும், நியூட்ரல்-எர்த் இடையே கேஸ் டியூபும் உள்ள இரட்டை மாட்யூல் வகை, வீட்டு எர்த் குழியையே நம்பியிருக்கும் சப்ளைக்கு ஏற்றது. மெயின் போர்டிலிருந்து ஏசி வரை வயர் 10 மீட்டரைத் தாண்டினால், ஏசியின் பாயின்ட் அருகே இன்னொரு எஸ்பிடி வேண்டும். நீண்ட வயரில் சர்ஜ் முன்னும் பின்னும் மோதி மறுபடி உயரும்.

## நீடித்த வோல்டேஜுக்கு வேறு காவல்

நியூட்ரல் போனால் எஸ்பிடி போர்டைக் காக்காது. அதற்குள்ளும் இருப்பது வேரிஸ்டர்தான். அதுவும் சூடாகி, உள்ளே உள்ள வெப்பத் துண்டிப்பான் திறந்து, எஸ்பிடியின் முகப்பில் நிலையைக் காட்டும் சின்ன ஜன்னல் சிவப்பாக மாறும். இதற்குத் தேவை ஓவர் வோல்டேஜ் ரிலே. வோல்டேஜைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு, எல்லை மீறினால் லைனைத் துண்டிக்கும் கருவி.

மேல் எல்லை 270, கீழ் எல்லை 180, திரும்ப ஆன் ஆகும் தாமதம் 3 முதல் 5 நிமிடம் என்று வையுங்கள். கம்ப்ரசரில் அழுத்தம் சமன் ஆவதற்காகத்தான் இந்தத் தாமதம். துண்டிக்கும் வேகத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். 400 வோல்ட் வந்தால் 0.2 நொடிக்குள் துண்டித்தால், வேரிஸ்டர் கொதிக்கும் முன்பே பெரும்பாலும் தப்பிவிடும். மூன்று நொடி எடுக்கும் ரிலே கணக்கில் இருக்கும், காப்பாற்றாது. 1.5 டன் ஏசி 10 ஆம்பியருக்குள் இழுத்தாலும், 32 அல்லது 40 ஆம்பியர் ரிலே வாங்குங்கள். கான்டாக்ட் நாள்படத் தீய்வது குறையும்.

மெயினில் முதலில் எஸ்பிடி, அதற்குப் பின் ரிலே. ரிலேயும் எலக்ட்ரானிக் போர்டுதான், அதையும் சர்ஜிலிருந்து காக்க வேண்டும்.

ஸ்டெபிலைசர்? வோல்டேஜ் அடிக்கடி குறையும் இடத்துக்கு அது நல்ல கருவி. ஆனால் சர்ஜ் வந்தால், அதன் ரிலே அசைவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வோல்டேஜ் எல்லை மீறினால் தானே துண்டிக்கும் ஹை கட்-ஆஃப் உள்ள மாடல் நியூட்ரல் கோளாறில் கொஞ்சம் உதவும். பல சாதனங்கள் மாட்டும் ஸ்பைக் கார்டு எக்ஸ்டென்ஷனில் ஏசியை மாட்டவே கூடாது. அதன் சாக்கெட் உருகும்.

## ஒரு வீட்டுக் கணக்கு

1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி, அவுட்டோர் மொட்டை மாடியில், அதற்குத் தனி எர்த் குழி. மெயின் போர்டிலிருந்து வயர் 14 மீட்டர். மழை இரவில் போர்டு போனது. திறந்தால் வேரிஸ்டர் இரண்டாகப் பிளந்திருக்கிறது, ஃபியூஸ் போயிருக்கிறது, மோடம் நன்றாக இருக்கிறது. பல்பு பளிச்சென எரிந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆக, நியூட்ரல்.

முதலில் நியூட்ரலைச் சரிபார்க்க வேண்டும்: மீட்டர் பெட்டி, மெயின் சுவிட்ச், வெளி ஜாயின்ட், மூன்றும். பிறகு ஃபியூஸ், வேரிஸ்டர் மாற்றி, கெபாசிட்டரும் ரெக்டிஃபையரும் பார்க்க வேண்டும். அதற்குப் பின் ஓவர் வோல்டேஜ் ரிலே. இந்த முறை எரித்தது நியூட்ரல் என்பதால், பணம் ஒன்றுக்குத்தான் இருந்தால் ரிலேதான் முதலில். அடுத்து, 14 மீட்டர் தூரமும் தனி எர்த் குழியும் மின்னலுக்குத் திறந்த கதவு. எனவே இரண்டு எர்த்தையும் இணைத்து, மெயினில் ஒரு டைப் 2, அவுட்டோர் அருகே மழை படாத பெட்டியில் இன்னொன்று.

இவ்வளவும் செய்த பிறகும், வீட்டின் மேலேயே விழும் மின்னலை எதுவும் முழுதாகத் தடுக்காது. ரிமோட்டில் ஆஃப் செய்வது பாதுகாப்பே அல்ல, போர்டு லைனில்தான் இருக்கிறது. சாதாரண சுவிட்ச் பேஸை மட்டும் வெட்டும். அதன் சில மில்லிமீட்டர் இடைவெளியைப் பெரிய சர்ஜ் தாண்டிவிடும். பிளக்கைக் கழற்றுவதுதான் உறுதியானது. அதை வானம் கறுக்கும்போதே செய்துவிட வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிளக்கையோ ஏசியையோ தொடாதீர்கள்.

ஒவ்வொரு பெரிய இடிமழைக்குப் பிறகும் மெயின் போர்டைத் திறந்து எஸ்பிடியின் ஜன்னலைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் விட்டுவிடலாம். சிவப்பாக மாறியிருந்தால் வீட்டில் கரன்ட் வழக்கம்போல இருக்கும், ஏசியும் ஓடும், ஆனால் காவல் போய்விட்டது. கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாடலில் அந்தக் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் போதும்.